மூக்கின் மேல் பழி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது முன்னோர் வாக்கு. அவர்கள் காலத்தில் கைப்பேசி இல்லை. இருந்திருந்தால், "முகத்தின் அழகு தொலைவில் தெரியும்" என்று இன்னொரு வரியையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை என் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் கிளென்மார்கன். உதகையிலிருந்து வரும் சாலை தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து வளைந்து வந்து நின்றுவிடும் ஊர். அணைக்குத் தேங்கி நிற்கும் நீர் குழாய்களில் இறங்கிச் சிங்காரா மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சரிவில் ஓடும் மின்வாரியத்தின் விஞ்ச் வண்டியைப் பற்றி வெளியூரார் நிறையக் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே லைன் வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவன் நான். அம்மா கொழுந்து பறிப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான்தான்.

சென்ற தை மாதம் என் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. தரகர் "ஒரு போட்டோ அனுப்புங்க" என்றார். உதகைக்குப் போய் ஸ்டூடியோவில் எடுப்பதென்றால் ஒரு நாள் கூலி போகும். அக்கா அடுக்களை வாசலில் நின்று, கையை நீட்டி, தானே ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. "எல்லாம் சரிதானுங்க, பொண்ணுக்கு மூக்குதான் கொஞ்சம் பெருசா இருக்குதுன்னு சொல்றாங்க."

அன்று இரவு அக்கா மூக்குத்தியைக் கழற்றி டப்பாவில் போட்டாள். அதன் பிறகு யார் கைப்பேசியைத் தூக்கினாலும் முகத்தைத் திருப்பிக் கொண்டாள். இருபத்து மூன்று வருடமாக எங்களில் எவருக்கும் பெரிதாகத் தெரியாத மூக்கு, ஒரு படத்தினால் ஒரே நாளில் பெரிதாகிவிட்டது. நண்பர்களே, இந்தக் கட்டுரை அந்த மூக்கின் சார்பில் நான் செய்யும் வாதம்.

முதல் சாட்சி, எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பாட்டியின் படம். கறுப்பு வெள்ளைப் படம். உதகையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பாட்டியின் மூக்கைத்தான் அக்கா அப்படியே வாங்கி வந்திருக்கிறாள். ஆனால் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் "என்ன லட்சணம்!" என்றுதான் சொல்வார்கள். 1960இல் நம் உதகையில் தொடங்கப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் சில காலம் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவர் என் மாமா. அந்த ஆலை இன்று இயங்கவில்லை. ஆனாலும் போட்டோ பற்றிப் பேச்செடுத்தால் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிடும். அவரிடம் கேட்டேன்: "மாமா, ஒரே மூக்கு, ஒரு படத்தில் அழகு, இன்னொன்றில் குறை. எப்படி?"

மாமா சிரித்தார். "ஸ்டூடியோக்காரர் எங்க நிப்பார்னு பார்த்திருக்கியா? ஆறடி ஏழடி தள்ளி. உங்க அக்கா கை எத்தனை அடி?"

எனக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. ஒரு தையல் டேப்பை எடுத்துக் கொண்டேன்.

அக்காவின் மூக்கு நுனியிலிருந்து காது வரை, முன்னிருந்து பின்னாக அளந்தால் 12 செ.மீ. இருந்தது. பெரும்பாலோருக்கு இதை ஒட்டித்தான் இருக்கும். கையை மடக்கிச் செல்ஃபி எடுக்கும்போது கைப்பேசிக்கும் மூக்கு நுனிக்கும் இடையே 30 செ.மீ., அதாவது ஓர் அடி. அப்படியானால் காது 42 செ.மீ. தொலைவில் இருக்கிறது. ஒரு பொருள் படத்தில் எத்தனை பெரிதாக விழும் என்பது அதன் தொலைவுக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்று நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எனவே காதோடு ஒப்பிடும்போது மூக்கு 42ஐ 30ஆல் வகுத்த அளவு, அதாவது 1.40 மடங்கு பெரிதாக விழுகிறது. மூக்குக்கு நாற்பது சதவீதம் இலவசமாகக் கூட்டிக் கொடுக்கப்படுகிறது!

இதையே ஒரு சின்னச் சூத்திரமாக எழுதிக் கொள்ளலாம். தொலைவு d செ.மீ. என்றால், மூக்குக்குக் கிடைக்கும் கூடுதல் 12/d. ஓர் அடியில் 40 சதவீதம். இரண்டடியில், அதாவது 60 செ.மீ.யில் 20 சதவீதம். நாலடியில் 10 சதவீதம். ஐந்தடியில், 150 செ.மீ.யில், வெறும் 8 சதவீதம். தொலைவை இரட்டிப்பாக்கினால் குற்றம் பாதியாகிறது. ஐந்தடிக்கு அப்பால் போனால் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். நாம் ஒருவரோடு ஒருவர் பேசும்போது ஏறக்குறைய இந்த நாலைந்து அடியில்தான் நிற்கிறோம். ஒருவரது முகம் என்று நம் மனத்தில் பதிந்திருப்பது அந்தத் தொலைவின் முகம். ஓர் அடித் தொலைவிலிருந்து பெற்ற குழந்தையின் முகத்தைத் தாய் பார்க்கிறாள். வரன் பார்க்க வந்தவர்கள் பார்ப்பதில்லை.

கணக்கோடு நிற்கவில்லை. அக்காவை வற்புறுத்தி உட்கார வைத்து, ஓர் அடியிலிருந்து ஒன்று, ஐந்தடியிலிருந்து ஒன்று என இரண்டு படங்கள் எடுத்தேன். இரண்டிலும் காதின் உயரம் திரையில் 30 மி.மீ. இருக்கும்படி பெரிதாக்கிக் கொண்டு, மூக்கின் அகலத்தை அளவுகோலால் அளந்தேன். முதல் படத்தில் 24 மி.மீ.; இரண்டாவதில் 19 மி.மீ. அதாவது ஓர் அடிப் படத்தில் மூக்கு 26 சதவீதம் பெரிது. என் கணக்கோ 1.40ஐ 1.08ஆல் வகுத்து 30 சதவீதம் என்றது. வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது. மூக்கின் அகலமான இடம் நுனியில் இல்லை. நுனியைவிட இரண்டு செ.மீ. போலப் பின்தள்ளி இருக்கிறது. அதற்குரிய தொலைவைப் போட்டுப் பார்த்தால் கணக்கும் அளவுகோலும் ஏறக்குறைய ஒத்துப் போயின.

இதை நான் மட்டும் கண்டுபிடித்துவிட்டதாக மார்தட்டவில்லை. 2018இல் அமெரிக்காவில் போரிஸ் பாஸ்கோவர் என்ற மருத்துவரும் அவரது துணைவர்களும் இதே கேள்வியை முகச் சீரமைப்பு அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். ஓர் அடியில் எடுத்த படத்தில், ஐந்தடியில் எடுத்த படத்தைவிட, மூக்கின் அடிப்பாகம் ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. செல்ஃபியைக் காட்டி "மூக்கைச் சிறிதாக்குங்கள்" என்று வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் இந்த ஆய்வில் இறங்கினார்கள். கத்தியை எடுப்பதற்கு முன் டேப்பை எடுங்கள் என்பதே அதன் சாரம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "அகலக் கோண லென்ஸ்தான் மூக்கைப் பெரிதாக்குகிறது" என்று பலரும் சொல்கிறார்கள். லென்ஸ் செய்யும் தவறு ஒன்றுதான்: அது நம்மைக் கிட்டே வரத் தூண்டுகிறது. அதே லென்ஸோடு ஐந்தடி பின்னால் போய் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கொண்டால், விலையுயர்ந்த போர்ட்ரெய்ட் லென்ஸில் அதே இடத்திலிருந்து எடுத்த படத்துக்கும் இதற்கும் முகத்தின் வடிவத்தில் வேறுபாடே இராது. வடிவத்தைத் தீர்மானிப்பது நிற்கும் இடம் ஒன்றே.

"வெட்டினால் படம் மங்கிப் போகுமே!" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணக் கைப்பேசியின் பின்பக்கக் கேமரா 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட படம் தருகிறது. ஐந்தடியில் நிமிர்த்திப் பிடித்து எடுத்தால், அந்த 3000 புள்ளிகள் ஏறக்குறைய 150 செ.மீ. அகலத்தை மூடுகின்றன. ஒரு செ.மீ.க்கு 20 புள்ளிகள். தலையும் தோளுமாக 50 செ.மீ. அகலத்தை வெட்டினால் 1000 புள்ளிகள் கிடைக்கும். பாஸ்போர்ட் அளவுப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிடவே 413 புள்ளி அகலம் போதும். இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவே: முன்பக்கக் கேமராவை விடுங்கள், பின்பக்கக் கேமராவை எதிரே ஓர் அலமாரியில் கண் மட்டத்தில் சாய்த்து வையுங்கள், பத்து விநாடி டைமர் போடுங்கள், ஐந்தடி தள்ளி நில்லுங்கள், பிறகு வெட்டுங்கள். பக்கத்தில் தம்பி இருந்தால் டைமரும் வேண்டாம்.

இது தனிப் படத்தின் கதை. கூட்டமாக எடுக்கும் படத்தில் இன்னொரு குற்றம் இருக்கிறது. அது வேறு வகையானது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

அம்மாவோடு கொழுந்து பறிக்கும் பெண்கள் பத்துப் பேர் தோட்டத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக் கொண்டார்கள். கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்திருந்தார்கள். நடுவில் நின்றவர்கள் உள்ளபடி இருந்தார்கள். ஓரத்தில் ஒதுங்கி நின்ற என் அம்மாவின் தலை மட்டும் பக்கவாட்டில் இழுத்துவிட்ட பூசணிக்காயாக இருந்தது. "நான் இவ்வளவு குண்டாவா ஆயிட்டேன்?" என்று அம்மா கேட்டார். நாள் முழுவதும் மலையேறி இறங்கும் அம்மா குண்டாவதற்கு வழியே இல்லை.

அம்மா நின்றது கேமராவுக்குக் கிட்டே அல்ல. எல்லோரையும்விடத் தள்ளித்தான் நின்றார். எனவே இது தொலைவின் குற்றம் அன்று, கோணத்தின் குற்றம். இதைப் புரிந்து கொள்ள ஒரு மெழுகுவர்த்தியும் ஓர் எலுமிச்சம்பழமும் போதும். ஒரு மாலை மின்சாரம் போனபோது (மின்சாரம் பிறக்கும் ஊருக்கும் மின்வெட்டு உண்டு!) நான் செய்து பார்த்தேன். சுவருக்கு எதிரே மெழுகுவர்த்தியை வைத்து, அதற்கு நேர் முன்னால் எலுமிச்சையைப் பிடித்தால் நிழல் வட்டமாக விழுகிறது. அதையே பக்கவாட்டில் நகர்த்தினால் நிழல் நீண்டு முட்டை வடிவமாகிறது. பழம் மாறவில்லை, ஒளி சுவரில் சாய்வாக விழுவதால் நிழல் நீள்கிறது. கைப்பேசியின் கேமராவிலும் இதுவே நடக்கிறது. தட்டையான உணரியின் ஓரத்தில் ஒளி சாய்வாக விழுகிறது. தலை ஓர் உருண்டை, அதனால் நீள்கிறது. சுவரில் ஒட்டிய சுவரொட்டி தட்டை. அதை நேராக நின்று எடுத்தால் ஓரத்திலும் அது நீள்வதில்லை. அதனால்தான் பின்னாலிருக்கும் கட்டடம் ஒழுங்காகவும், முன்னால் நிற்கும் மனிதர் அகலமாகவும் தெரிகிறார்கள்.

அளவு எவ்வளவு? படத்தின் நடுவிலிருந்து θ கோணம் விலகி நிற்கும் தலை, 1/cos θ மடங்கு நீள்கிறது. அம்மாவின் படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தபோது குவியத் தூரம் 35 மி.மீ. பிலிமின் கணக்கில் 24 மி.மீ. என்றிருந்தது. அந்த பிலிமில் விழும் படத்தின் அகலம் 36 மி.மீ.; பாதி 18. ஓரத்துக் கோணத்தின் டேஞ்சன்ட் 18/24, அதாவது 3/4. மூன்று, நான்கு, ஐந்து என்ற நம் பழைய முக்கோணமே வந்து நிற்கிறது! cos θ நான்கில் ஐந்து பங்கல்ல, ஐந்தில் நான்கு பங்கு. எனவே நீட்சி 5/4. அம்மாவின் தலைக்குக் கால் பங்கு அகலம் கூடியிருக்கிறது. '0.5' என்று எழுதியிருக்கும் அதிஅகலக் கேமராவை அழுத்தியிருந்தால், ஓரத்தில் நிற்பவர் 1.7 மடங்கு வரை நீண்டிருப்பார்.

எடுத்து முடித்த படத்தைச் சரி செய்ய வழி உண்டா? இந்தக் குற்றத்துக்கு உண்டு. ஹுகின் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, லென்ஸ் வகை Normal (rectilinear) என்றும், கிடைமட்டப் பார்வைக் கோணம் 74 பாகை என்றும் கொடுத்து, வெளியீட்டு வகையை Stereographic என்று மாற்றினேன். தட்டைச் சுவரில் விழும் நிழலை f tan θ என்ற விதி ஆள்கிறது. புதிய வகையின் விதி 2f tan(θ/2). இந்த விதியில் உருண்டை எங்கே நின்றாலும் வட்டமாகவே விழும். அம்மா நின்ற இடத்துக்கு tan θ 0.75, 2 tan(θ/2) 0.67. அதாவது அம்மா சிறிது உள்ளே நகர்ந்தார், தலை உருண்டையானது. ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டல்லவா? பின்னால் நேராக நின்ற சில்வர் ஓக் மரங்களில் ஓரத்து மரங்கள் வில்லாக வளைந்தன.

இங்கேதான் பிரச்சினையின் மர்மம் இருக்கிறது. வளைந்த முகத்தைத் தட்டையான தாளில் போடும்போது, கோடுகளும் நேராக இருக்க வேண்டும், தலைகளும் உருண்டையாக இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது. கைப்பேசி அமைப்புகளில் "அதிஅகலத் திருத்தம்" என்றிருப்பதை இயக்கினால், அது பெரும்பாலும் கோடுகளைத்தான் நேராக்கும். ஓரத்து முகங்கள் இன்னும் நீளும். 2019இல் கூகுளைச் சேர்ந்த யீசாங் ஷீ, வெய்-ஷெங் லாய், சியா-காய் லியாங் ஆகிய மூவர் ஒரு சமரசம் கண்டார்கள். முகங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் உருண்டையைக் காக்கும் விதி. மற்ற இடங்களில் கோட்டைக் காக்கும் விதி. இரண்டுக்கும் நடுவே ஒரு வலையை மெல்ல இழுத்து இணைப்பது. பல கைப்பேசிகளில் "கூட்டப்படத்தில் முகம் திருத்துதல்" என்று வருவது இந்தப் போக்கில் அமைந்ததே. அது வேலை செய்ததா என்று அறிய முகத்தைப் பார்க்காதீர்கள். முகத்துக்குப் பின்னே இருக்கும் கதவுச் சட்டத்தையும், முகத்துக்குக் கீழே இருக்கும் தோளையும் பாருங்கள். சட்டம் தலைக்கருகே நெளிந்திருக்கும். அல்லது தலை ஒல்லியாகி, தோள் மட்டும் அகலமாகவே நின்றிருக்கும்.

மூக்கின் குற்றத்துக்கோ இந்த மருந்து பலிக்காது. 2016இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஓஹத் ஃப்ரீட் முதலியோர், ஒரு முப்பரிமாணத் தலை மாதிரியைப் படத்தின் மேல் பொருத்தி, கேமராவைப் பின்னால் நகர்த்தினாற்போலப் படத்தை வளைக்கும் முறை ஒன்றைக் காட்டினார்கள். அருமையான முறைதான். ஆனால் ஓர் அடியில் எடுக்கும்போது கன்னம் காதை ஓரளவு மறைத்துவிடுகிறது. மறைந்த காதைப் படத்திலிருந்து யாராலும் திரும்ப எடுக்க முடியாது. யூகித்து வரையத்தான் முடியும். படம் எடுத்த பின் செய்வது வைத்தியம். எடுக்கும் முன் பின்னால் போவது பத்தியம். பத்தியமே மேல்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். பலர் கையாளும் வழி இவை எதுவுமல்ல. அழகுபடுத்தும் பில்டரை அழுத்துகிறார்கள், மூக்கு சிறுக்கிறது, தீர்ந்தது என்கிறார்கள். நான் இதை மறுக்கிறேன். அந்தப் பில்டர் தொலைவைக் கேட்பதில்லை. ஓர் அடியில் எடுத்த படத்திலும் மூக்கைச் சிறிதாக்கும்; ஆறடியில் எடுத்த, எந்தக் குற்றமும் இல்லாத படத்திலும் சிறிதாக்கும். அப்படியானால் அது கேமராவின் பிழையைத் திருத்தவில்லை. மனிதரையே பிழை என்று தீர்மானித்துத் திருத்துகிறது. பாட்டி கொடுத்த மூக்கை யாரோ வகுத்த ஒரு மூக்கின் அச்சில் தள்ளுகிறது. அளவுகோல் தவறென்றால் அளவுகோலைத்தான் மாற்ற வேண்டும்; துணியை வெட்டக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டப் படத்தின் ஓரத்தில் நிற்பவர் யார் என்று என்றாவது கவனித்திருக்கிறீர்களா? நடுவில் பெரியவர்கள் நிற்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நெருங்கியவர்கள் நிற்பார்கள். கூச்சப்படுகிறவர்கள், புதிதாக வந்தவர்கள், "நான் எதுக்கு" என்று ஒதுங்குகிறவர்கள் ஓரத்தில் நிற்பார்கள். படம் எடுப்பவர் நான்கு அடி பின்னால் போகச் சோம்பினால், அந்தச் சோம்பலின் விலையைக் கொடுப்பவர்கள் இவர்களே. நடுவில் இருப்பவருக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. ஆகவே படத்தைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று அவர் சொல்லிவிடுகிறார்.

நம் கல்லூரியிலும் ஆண்டுதோறும் வகுப்புப் படம் எடுக்கிறோம். ஒரு வரிசை 6 மீட்டர் அகலம் என்று வைத்துக் கொள்வோம். 4 மீட்டரிலிருந்து எடுத்தால் ஓரத்து மாணவருக்கு அதே 5/4 நீட்சி, என் அம்மாவுக்குக் கிடைத்த அதே பூசணிக்காய். 8 மீட்டருக்குப் பின்வாங்கினால் நீட்சி 7 சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. வரிசையின் அகலத்தைவிடச் சற்று அதிகமான தொலைவில் நில்லுங்கள் என்பதை ஒரு விதியாகக் கொள்ளலாம். இடம் போதாதென்றால் வரிசையை ஒன்று கூட்டி அகலத்தைக் குறையுங்கள். அதிஅகலக் கேமராவைத் தொடாதீர்கள். செல்ஃபியாகத்தான் எடுப்போம் என்றால், கைப்பேசியைப் பிடிப்பவர் தாம் எல்லோரையும்விடப் பெரிதாக விழப் போவதை ஒப்புக்கொண்டு பிடியுங்கள். அரை மீட்டரில் அவர், இரண்டு மீட்டரில் பின்வரிசை. அவர் முகம் நான்கு மடங்கு. இதைத் திருத்த மென்பொருளும் இல்லை, மந்திரமும் இல்லை. கைப்பேசியை மதில் மேல் வைத்துவிட்டு அவரும் வரிசையில் வந்து நிற்பதே வழி. நம் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் 8 மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால், வருங்கால மாணவர்களுக்கும் அது பயன்படும் என்று ஆசிரியப் பெருமக்களைப் பணிவோடு கேட்டுக் கொள்கிறேன்.

அக்காவின் கதையை முடிக்காமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். ஐந்தடியில் நான் எடுத்த படத்தைப் பாட்டியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அக்கா வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை தண்ணீர்க் குடத்தோடு வாசலில் வந்து நின்றபோது மூக்குத்தி அதன் இடத்தில் இருந்தது.

போன மாதம் தரகர் வேறொரு வரனோடு வந்தார். வழக்கம் போல "ஒரு போட்டோ கொடுங்க" என்றார். நான் புதிய படத்தை எடுக்கப் போனேன். அக்கா தடுத்துவிட்டாள்.

"போட்டோ எதுக்கு? நேர்ல வரச் சொல்லுங்க. வந்து அஞ்சடி தள்ளி உக்காரச் சொல்லுங்க."